சாட் விண்டோவில் எழுத்தமைப்பு எப்படித் தெரியும்? வெண்டருக்கு எழுதிய கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழு வாடிக்கையாளர்களுக்கு சாட் வழியாக உதவுகிறது. பதில்களில் பெரும்பாலானவை முன்பே எழுதி வைத்த டெம்ப்ளேட்டுகள். சாட் விண்டோவை எங்களுக்குத் தருவது வெளியிலுள்ள ஒரு வெண்டர். நாங்கள் டைப் செய்வதற்கும் வாடிக்கையாளரின் திரையில் வருவதற்கும் நடுவில் என்னவெல்லாம் நடக்கிறது என்று கேட்டு, குழுவின் லீடாக நான் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதைப் படித்த மற்ற லீடுகள் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும் கீழே. முழுக் கடிதமும் இருக்கிறது.

"மார்க்டவுன் சப்போர்ட் இருக்கா?"ன்னு ஒரு வரியில கேட்டா போதாதா?

நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். "இருக்கிறது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு டெம்ப்ளேட்டைக்கூடத் திருத்த முடியவில்லை.

மார்க்டவுன் என்பது ஸ்டார் போன்ற குறிகளை எழுத்தோடு டைப் செய்து வடிவமைப்பைக் காட்டும் முறை. அது 2004-இல் வந்தபோது அதற்குத் துல்லியமான இலக்கணம் எழுதப்படவில்லை. ஒவ்வொரு நிரலாளரும் தன் மனதுக்குப் பட்டபடி அதைப் புரிந்துகொண்டு செய்தார். சந்தேகமான இடங்களுக்கெல்லாம் விதி வகுத்து, காமன்மார்க் என்ற வரையறை வந்தது 2014-இல். அதைப் பின்பற்றும் மென்பொருள்கள் நிறைய, பின்பற்றாதவையும் நிறைய. சாட் செயலிகளோ தனி வழியில் போனவை. காமன்மார்க்கில் `**சொல்**` என்றால் தடித்த எழுத்து, `*சொல்*` என்றால் சாய்வு. வாட்ஸ்அப்பில் `*சொல்*` என்பதே தடித்த எழுத்து. ஸ்லாக்கின் செய்தி வடிவத்திலும் அப்படித்தான். இந்த மூன்றையும் செய்தவர்கள் "சப்போர்ட் இருக்கிறது" என்று சொன்னால் மூவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

ஆகவே அம்சத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். நீங்கள் டைப் செய்யும் எழுத்துகளை அப்படியே கொடுத்து, "இதைப் போட்டால் அங்கே என்ன வரும்?" என்று கேளுங்கள்.

எங்க ஸ்கிரீன்ல வரிவரியா அழகா இருக்கு. கஸ்டமருக்கு மட்டும் ஏன் எல்லாம் ஒட்டிக்கிட்டு வருது?

நான் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதனால்தான். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

ஐந்து படிகள் கொண்ட ஒரு வழிமுறையை நாங்கள் இரண்டு டெம்ப்ளேட்டாகப் பிரித்து வைத்திருந்தோம். முதலாவதில் 1, 2 படிகள். வாடிக்கையாளர் அவற்றை முடித்ததும் இரண்டாவது போகும்:

```
முதல் இரண்டும் முடிந்ததா? அடுத்து:
3. செயலியை முழுவதும் மூடவும்
4. இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைக்கவும்
5. செயலியைத் திறக்கவும்
```

வாடிக்கையாளரின் உலாவியில் இது ஒரே பத்தியாக, "அடுத்து: 3. செயலியை முழுவதும் மூடவும் 4. இணைப்பைத் துண்டித்து…" என்று நீண்டு கிடந்தது. ஒருவர் "எதை முதலில் செய்வது?" என்று கேட்க, எங்கள் ஏஜென்ட் அதே டெம்ப்ளேட்டை மறுபடியும் அனுப்பினார். அவர் திரையில் அது ஒழுங்காகத் தெரியும்போது வேறென்ன செய்வார், பாவம். வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

முதல் டெம்ப்ளேட் ஒருநாளும் ஒட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொண்டது. துப்பு கிடைத்தது அதிலிருந்துதான். காமன்மார்க்கில் ஒரு விதி இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் பத்தியை இடைமறித்துத் தொடங்கும் எண்பட்டியல் 1-இல்தான் தொடங்க வேண்டும். நீண்ட வாக்கியம் ஒன்று மடங்கும்போது புதிய வரியின் முதலில் தற்செயலாக "14." என்று விழுந்தால், அது பட்டியலாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. எங்கள் "3." அதில் மாட்டிக்கொண்டது. அது பட்டியல் அல்ல, மேலுள்ள பத்தியின் தொடர்ச்சி என்று ஆகிவிட்டது. பத்திக்குள் வரும் ஒற்றை வரிமுறிவை உலாவி வெறும் இடைவெளியாகத்தான் காட்டும். ஏஜென்ட் பக்கம் இருந்ததோ சாதாரண உரைப்பெட்டி. அது போட்ட வரியைப் போட்டபடி காட்டியது.

"அடுத்து:" என்பதற்குக் கீழே ஒரு வெற்று வரி விட்டோம். உலாவியில் சரியாகிவிட்டது. ஆனால் வெண்டரின் மொபைல் செயலியில் அதே படிகள் 1, 2, 3 என்று வந்தன! வாடிக்கையாளர் ஏற்கெனவே முடித்த "படி 1" மறுபடியும் வந்து நிற்கிறது. பட்டியல் மூன்றில் தொடங்குகிறது என்ற தகவல் எச்டிஎம்எல்லில் `<ol start="3">` என்று போகும். பாதுகாப்புக்காக வைத்திருக்கும் வடிகட்டி, தன் அனுமதிப் பட்டியலில் இல்லாத பண்புகளை வெட்டிவிடும். `start` அப்படி வெட்டுப்பட்டிருந்தால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். செயலிக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க எங்களுக்கு வழியில்லை. கேட்டே ஆக வேண்டியிருந்தது.

உலாவியில் நீங்களே பார்க்கலாம். செய்தியின் மேல் வலது கிளிக் செய்து எலிமென்ட் இன்ஸ்பெக்ட் திறங்கள். `<p>`-க்குள் "3." வெறும் எழுத்தாகக் கிடந்தால், பட்டியல் என்றே அது அடையாளம் காணப்படவில்லை. `<ol>` இருந்து `start` இல்லாவிட்டால், நடுவில் யாரோ வெட்டியிருக்கக்கூடும். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

கடிதத்துல எந்தெந்த இடத்தைப் பத்திக் கேக்கணும்?

ஒரே செய்தி எத்தனை திரைகளில் தெரிகிறது என்று உட்கார்ந்து எண்ணுங்கள். எங்களுக்கு ஆறு வந்தது: ஏஜென்ட் எழுதும் பெட்டி, அனுப்பிய பிறகு ஏஜென்ட் பக்கத்து உரையாடல், வாடிக்கையாளரின் உலாவி விட்ஜெட், மொபைல் செயலி, போன் திரையில் மேலே வரும் அறிவிப்பு, உரையாடல் முடிந்ததும் மின்னஞ்சலில் போகும் நகல். இந்த ஆறையும் ஒரே நிரல் காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள். அறிவிப்பில் பெரும்பாலும் எந்த வடிவமைப்பும் நடக்காது. அங்கே ஸ்டார் குறிகள் அப்படியே தெரியலாம், அல்லது களையப்பட்டிருக்கலாம். இரண்டில் எது என்று கேளுங்கள்.

பலர் விட்டுவிடுவது செய்தி உள்ளே போகும் வழியை. கையால் டைப் செய்வது, வேறிடத்திலிருந்து பேஸ்ட் செய்வது, டெம்ப்ளேட்டைச் செருகுவது, ஏபிஐ வழியாக அனுப்புவது என்று பாதைகள் பல. மேலே போல்ட் பொத்தான் வைத்த எழுதும் பெட்டி, நீங்கள் டைப் செய்த ஸ்டாரை வெறும் ஸ்டாராகவே வைத்துக்கொள்ளக்கூடும். அதே ஸ்டார் ஏபிஐ வழியாகப் போனால் சாய்வெழுத்து ஆகலாம். டெம்ப்ளேட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஏபிஐயும் அப்படியே நடக்கும் என்று முடிவு கட்டினால் தவறிவிடும்.

சோதனைச் செய்தியில என்ன போட்டீங்க?

இதைத்தான். வரிகளுக்கு நடுவில் வெற்று வரி விட்டிருப்பது வேண்டுமென்றே. இல்லாவிட்டால் ஒன்றின் விளைவு அடுத்ததில் போய்க் கலந்துவிடும்.

```
வரி ஒன்று
வரி இரண்டு

அடுத்து:
3. மூடவும்
4. திறக்கவும்

K7*RT*92

\\server\share

<name> <பெயர்>

**சேமி**யை அழுத்தவும்

**"சேமி"**யை அழுத்தவும்
```

முதல் இரண்டு வரிகள் ஒற்றை வரிமுறிவு மதிக்கப்படுகிறதா என்று காட்டும். பட்டியல் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

`K7*RT*92` இருப்பதற்குக் காரணம் இதுதான்: அழகு கெடுவது ஒரு பிழை, எழுத்து காணாமல் போவது வேறு பிழை. காமன்மார்க்கில் சொல்லுக்கு நடுவில் வந்தாலும் ஸ்டார் சாய்வெழுத்தாக வேலை செய்யும். அதனால் வாடிக்கையாளருக்கு K7, சாய்ந்த RT, 92 என்று தெரியும். இரண்டு ஸ்டாரும் போய்விடும். அவர் அதைக் காப்பி செய்து போட்டால் K7RT92 என்று விழும், "தவறான குறியீடு" என்று வரும். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. அண்டர்ஸ்கோர் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. `K7_RT_92` என்பதைக் காமன்மார்க் தொடாது. பழைய மார்க்டவுன் நிரல்கள் சில அதையும் சாய்த்துவிடும். குறியீடுகளில் அண்டர்ஸ்கோர் வருமானால் அதற்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

`\\server\share` என்பதில் முதல் பின்சாய்வு, அடுத்த குறியைக் காப்பாற்றும் குறியாக எடுத்துக்கொள்ளப்பட்டு மறைந்துவிடும். மிஞ்சுவது `\server\share`. பார்த்தால் சரியான பாதைபோலவே இருக்கும். அதனால்தான் கண்டுபிடிக்க நேரமாகும். `share`-க்கு முன்னால் இருக்கும் பின்சாய்வு தப்பிக்கும், ஏனென்றால் நிறுத்தக்குறிக்கு முன்னால் வரும் பின்சாய்வு மட்டுமே விழுங்கப்படும்.

`<name>` என்பது எச்டிஎம்எல் குறிச்சொல் என்று கொள்ளப்பட்டு மொத்தமாக மறையக்கூடும். பக்கத்திலுள்ள `<பெயர்>` மறையாது. குறிச்சொல்லின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அதனால் தமிழில் மட்டும் சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. இரண்டும் தெரிந்தால் நல்ல செய்தி: வெண்டர் எச்டிஎம்எல்லை எழுத்தாகவே காட்டுகிறார். `&lt;name&gt;` என்று தெரிந்தால், காப்புக் குறியீடு இரண்டு முறை போடப்பட்டிருக்கிறது.

தமிழ்ல எழுதுறப்ப மட்டும் சில இடத்துல போல்ட் வேலை செய்யல, ஸ்டாராவே நிக்குது. ஃபான்ட் பிரச்சினையா?

ஃபான்ட் இல்லை. சோதனைச் செய்தியின் கடைசி இரண்டு வரிகள் இதற்காகத்தான். இதை வெண்டரிடம் விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது பெரும்பாலும் படாது.

நாம் பொத்தானின் பெயரை மேற்கோளில் போடுவோம், பிறகு வேற்றுமை உருபை இடைவெளி இல்லாமல் ஒட்டுவோம்: "சேமி"யை, "அமைப்புகள்"இல், "உள்நுழை"க்கு. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் இடைவெளியோ முற்றுப்புள்ளியோ வரும். காமன்மார்க்கின் விதி அந்தப் பழக்கத்தை ஒட்டி அமைந்தது. மூடும் `**`-க்கு முன்னால் நிறுத்தக்குறி இருந்தால், அதற்குப் பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தக்குறியோ இருக்க வேண்டும். `**"சேமி"**யை` என்பதில் முன்னால் மேற்கோள், பின்னால் "யை". விதிக்குப் பொருந்தவில்லை. அதனால் அது மூடும் குறியாகவே கொள்ளப்படாது. நான்கு ஸ்டார்களும் வாடிக்கையாளர் திரையில் நிற்கும். மேற்கோள் இல்லாத `**சேமி**யை` ஒழுங்காகத் தடிக்கும், ஏனென்றால் அங்கே ஸ்டாருக்கு முன்னால் இருப்பது எழுத்து. அடைப்புக்குறியில் முடியும் பெயர்களுக்கும் மேற்கோளுக்கு ஆகும் கதியே.

`__சேமி__யை` என்று அண்டர்ஸ்கோரில் எழுதினால் மேற்கோள் இல்லாமலேயே கெடும். அண்டர்ஸ்கோருக்கு அடுத்து நேராக எழுத்து வந்தால் அது மூடாது. சீனம், ஜப்பானியம் எழுதுபவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவர்கள் சொற்களுக்கு நடுவில் இடைவெளியே விடுவதில்லை.

எங்கள் வழக்கம் இப்போது இது: மேற்கோளும் போல்டும் சேர்ந்து வேண்டாம், ஏதாவது ஒன்று. பெரும்பாலும் `**சேமி** பொத்தானை அழுத்தவும்` என்று எழுதிவிடுகிறோம். உருபு "பொத்தான்" என்ற சொல்லுக்குப் போய்விடுகிறது.

முழுக் கடிதத்தையும் காட்ட முடியுமா?

அனுப்பியபடியே தருகிறேன்.

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் சாட் விண்டோ வழியாக எங்கள் குழு அனுப்பும் வழிமுறைகள், வாடிக்கையாளரின் திரையில் நாங்கள் எழுதிய வடிவில் தெரிவதில்லை. சில இடங்களில் எழுத்துகளே விடுபடுகின்றன. எங்கள் டெம்ப்ளேட்டுகளைத் திருத்தி எழுதுவதற்கு முன் உங்கள் விண்டோ உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம். புதிய வசதி எதையும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

இத்துடன் ஒரு சோதனைச் செய்தியை வெற்று உரைக் கோப்பாக இணைத்திருக்கிறோம். அதை எழுத்து மாறாமல் நான்கு வழிகளில் அனுப்பிப் பாருங்கள்: எழுதும் பெட்டியில் டைப் செய்து, பேஸ்ட் செய்து, டெம்ப்ளேட்டாகச் செருகி, ஏபிஐ மூலம். ஒவ்வொன்றும் ஏஜென்ட் உரையாடல், உலாவி விட்ஜெட், மொபைல் செயலி, அறிவிப்பு, மின்னஞ்சல் நகல் ஆகிய ஐந்து இடங்களிலும் எப்படி வருகிறது என்று ஸ்கிரீன்ஷாட் தாருங்கள். உலாவி விட்ஜெட்டுக்கும் மின்னஞ்சலுக்கும் உருவான எச்டிஎம்எல்லையும் சேர்த்துத் தாருங்கள்.

அதோடு இவற்றுக்குப் பதில் வேண்டும். எந்த மார்க்டவுன் நூலகத்தை, எந்தப் பதிப்பில், எந்தெந்த விருப்பத் தேர்வுகளுடன் பயன்படுத்துகிறீர்கள்? உலாவியிலும் மொபைலிலும் அது ஒன்றுதானா? வடிகட்டி அனுமதிக்கும் குறிச்சொற்களும் பண்புகளும் எவை? குறிப்பாக `ol` குறிச்சொல்லின் `start` அனுமதிக்கப்படுகிறதா? நேர்மேற்கோளை வளைவு மேற்கோளாகவும், `--` என்பதை நீள்கோடாகவும் மாற்றும் அமைப்பு செயலில் உள்ளதா? சேமித்து வைப்பது நாங்கள் எழுதிய மூல உரையா, உருமாறிய எச்டிஎம்எல்லா? இவற்றில் எதையாவது மாற்றும்போது முன்கூட்டியே அறிவிப்பீர்களா?

எங்களிடம் தெரிந்த முடிவுகளைத் தனித்தாளில் எழுதி, உலாவியின் பெயரும் பதிப்பும் மொபைல் செயலியின் பதிப்பும் குறித்திருக்கிறோம். உங்கள் முடிவு எங்களுடையதிலிருந்து வேறுபட்டால் எந்த வரியில் என்று சொல்லுங்கள்.

நன்றியுடன்,
வாடிக்கையாளர் உதவிக் குழு லீட்

எல்லாத்தையும் நாமளே சோதிச்சுப் பாத்துடலாமே. கடிதம் எதுக்கு?

சோதியுங்கள், கடிதத்துக்கு முன்பே. தெரிந்ததை இணைத்து அனுப்பினால்தான் கடிதத்துக்கு எடை. ஆனால் சோதனை சொல்வது இன்று, இந்தப் பதிப்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும்தான். நாளைக்கு நூலகத்தை மேம்படுத்தினால் ஒற்றை வரிமுறிவின் நடத்தை மாறலாம்.

சேமிக்கும் வடிவத்தைப் பற்றிய கேள்வியை வெளியிலிருந்து சோதித்துத் தெரிந்துகொள்வது கடினம். மூல உரையாகச் சேமித்தால், நிரல் மாறும் நாளில் பழைய உரையாடல்களின் தோற்றமும் சேர்ந்து மாறும். வாடிக்கையாளர் "நீங்கள் இப்படித்தான் அனுப்பினீர்கள்" என்று காட்டும்போது உங்கள் திரையில் வேறு மாதிரி இருக்கும். எச்டிஎம்எல்லாகச் சேமித்தால் தோற்றம் நிலைக்கும், ஆனால் விழுங்கப்பட்ட ஸ்டார் திரும்பி வராது. புகார்களைப் பழைய உரையாடலை வைத்து விசாரிக்கும் குழுவுக்கு இந்த வித்தியாசம் மிகவும் முக்கியம்.

"எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு"ன்னு ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டாங்க. இப்ப என்ன பண்றது?

எங்களுக்கும் முதல் பதில் அப்படித்தான் வந்தது. பார்த்தால், படம் எழுதும் பெட்டியின் முன்தோற்றம். வாடிக்கையாளரின் திரை அல்ல. கோபப்படாமல், எந்தத் திரை, எந்த வழியில் அனுப்பியது என்று இரண்டே கேள்வி கேட்டோம். அத்தோடு ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக் கொடுத்தோம்: `K7*RT*92`. மொபைலில் இதை அனுப்பி, அங்கிருந்து காப்பி செய்து, ஒரு வெற்று உரைக் கோப்பில் ஒட்டி அனுப்பச் சொன்னோம். படத்தில் சாய்வைக் கவனிக்காமல் விடலாம். ஒட்டிய எழுத்தில் ஸ்டார் இல்லை என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்த ஒரு வரி வந்ததும் விஷயம் அவர்களுடைய நிரலாளரிடம் போனது, மற்றக் கேள்விகளுக்கும் பதில் வரத் தொடங்கியது.

பதில் வர்ற வரைக்கும் டெம்ப்ளேட்டை எப்படி எழுதுறது?

எல்லா இடத்திலும் தாக்குப்பிடிக்கும் வடிவில். "3." என்பதற்குப் பதில் "படி 3:" என்று எழுதி, ஒவ்வொரு படிக்கும் நடுவில் வெற்று வரி விடுங்கள். அது பட்டியலாக மாறாது, அதனால் எண்ணும் மாறாது; வெற்று வரி இருப்பதால் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. அறிவிப்பில் மட்டும் ஒரே வரியாக வரலாம். "படி" என்ற சொல் இருப்பதால் அங்கேயும் எது எங்கே தொடங்குகிறது என்று புரியும்.

குறியீடுகளைப் பின்மேற்கோளுக்குள், அதாவது `` `K7*RT*92` `` என்று போடுவது காமன்மார்க்கில் பாதுகாப்பு. ஆனால் மார்க்டவுன் இல்லாத திரையில் அந்தப் பின்மேற்கோளும் சேர்ந்து காப்பி ஆகும். ஸ்டாருக்கு முன் பின்சாய்வு போடுவதற்கும் இதே ஆபத்து உண்டு. ஆறு திரைகளின் நடத்தையும் தெரியும்வரை, ஸ்டாரோ பின்சாய்வோ உள்ள குறியீடுகளை நாங்கள் சாட்டில் அனுப்பவில்லை. வெற்று உரைக் கோப்பாக இணைத்தே அனுப்பினோம்.